ஆயா மாற்றிய அடை: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அம்மா வீட்டில் ஞாயிறு ராத்திரி என்றால் அடையும் மீன் குழம்பும்தான். காலையில் அண்ணன் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார். மத்தியானமே குழம்பு கொதித்து இறங்கிவிடும். ராத்திரிக்குள் அது நன்றாக ஊறியிருக்கும். அப்போது அடையை விண்டு தொட்டுக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அவள் மாமியார் சொல்லிக்கொடுத்த கணக்கு இது: அரிசி நாலு ஆழாக்கு, துவரம்பருப்பு ஒன்று, கடலைப்பருப்பு ஒன்று. காய்ந்த மிளகாய், சோம்பு, பெருங்காயம். அரைத்தால் பெரிய கரண்டியில் 24 அடை வரும்.

அம்மாவை அண்ணன் மகன் ஆயா என்று கூப்பிடுவான். இனி நானும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது. பையனுக்கு இப்போது 13 வயது. 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. நான் உணவு ஆலோசகர். அவன் சாப்பாட்டுக் கணக்கை அப்போது எழுதிக் கொடுத்ததும் நான்தான். வீட்டார் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கதைக்குள் போவதற்கு முன் ஒரே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டைப் 1-ல் உடம்பில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோகிறது. அதனால் ராத்திரி ஒரு ஊசி, நாள் முழுக்க மெதுவாக நிற்பதற்கு. அது போக ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் வேகமாக வேலை செய்யும் ஊசி ஒன்று. இரண்டாவது ஊசியின் அளவு, தட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்பதைப் பார்த்துப் போடுவது. இவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டில் 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்று டாக்டர் வைத்திருந்தார். 1 யூனிட் அதிகமானால் சர்க்கரை சுமார் 40 புள்ளி கூடுதலாக இறங்கும். இந்த இரண்டு எண்ணும் ஆளுக்கு ஆள் மாறும், அதே பையனுக்கே வயது ஏற ஏற மாறும். வேறு பிள்ளைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆயாவின் அடைக்கு நான் போட்ட கணக்கு இது. அவள் ஆழாக்கில் தலை தட்டி அளந்தால் அரிசியும் சரி, பருப்பும் சரி, கிட்டத்தட்ட 150 கிராம். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. துவரை, கடலை இரண்டுக்கும் சேர்த்து 50 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 600 கிராம் அரிசியில் 468, 300 கிராம் பருப்பில் 150, ஆக 618. அதை 24 அடைக்கு வகுத்தால் ஒன்றுக்கு 26 கிராம். பையன் சாப்பிடுவது மூன்று, அதாவது 78 கிராம். 8 யூனிட். அண்ணி அதை சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். ஒன்றரை வருஷம் அந்தக் கணக்கு பிசகவில்லை. ஞாயிறு படுக்கப்போகும்போது குளுக்கோமீட்டரில் 130-க்கும் 170-க்கும் நடுவில்தான் நிற்கும்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த பிறகு அது மாறியது.

நோட்டில் தெரிந்தது

அண்ணி எல்லா ரீடிங்கையும் ஒரு நோட்டில் எழுதுவாள். முதல் ஞாயிறு படுக்கும் நேரத்தில் 101. யாரும் கண்டுகொள்ளவில்லை, நல்ல எண்தானே என்று சந்தோஷம்கூட பட்டார்கள். அடுத்த ஞாயிறு 74. பையன் கை லேசாக நடுங்குகிறது என்றான். பாலும் இரண்டு பிஸ்கெட்டும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு எட்டு மணிக்குச் சாப்பிட்டவன், பத்தேகாலுக்கு டிவி ரிமோட்டைத் தூக்கி எறிந்தான். அவன் அப்படிச் செய்கிற பிள்ளை இல்லை. நெற்றி முழுக்க வியர்வை. அண்ணி விரலில் குத்திப் பார்த்தாள், 56.

ஆயா உடனே தட்டில் ஒரு அடையும் வெல்லமும் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அண்ணி அதைத் தள்ளிவிட்டு, குளுக்கோஸ் பவுடர் மூன்று டீஸ்பூனைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். அவள் செய்ததுதான் சரி. 70-க்குக் கீழே போய்விட்டால் தேவைப்படுவது சீக்கிரம் ரத்தத்தில் சேரும் சர்க்கரை 15 கிராம், அவ்வளவுதான். எண்ணெயும் பருப்பும் உள்ள அடை வயிற்றிலேயே நின்றுகொண்டிருக்கும். 15 நிமிஷம் கழித்துப் பார்த்தால் 63. வேகமான இன்சுலின் நாலு மணி நேரம் வரைக்கும் வேலை செய்யும், அதனால் உள்ளே இன்னும் இறக்கிக்கொண்டே இருந்தது. திரும்பவும் மூன்று டீஸ்பூன். அதற்குப் பிறகுதான் 97-க்கு வந்தது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்த்தார்கள், 118. ஆயா விடியும்வரை தூங்கவில்லை என்று அண்ணி பிற்பாடு சொன்னாள்.

பழி ஃபுட்பால் மேல் விழுந்தது. பையன் ஞாயிறு சாயங்காலம் வியாசர்பாடிப் பக்கம் மைதானத்தில் ஆடுவான். ஓடி ஆடினால் அடுத்த பல மணி நேரத்துக்கு இன்சுலின் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், அதனால் அண்ணன் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நானும் ஃபோனில் அதுவாக இருக்கலாம் என்றுதான் சொன்னேன். ஒன்றரை வருஷமாக ஆடுகிறான், ஆடப்போகும் முன் வாழைப்பழம் சாப்பிடுகிறான், அப்போதெல்லாம் இறங்காதது இப்போது ஏன் இறங்குகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அண்ணன் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

நாலாவது ஞாயிறு பையன் வீட்டிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராத்திரி 64. எனக்கு ஃபோன் போட்டவன் அவனேதான். "அத்தை, இன்னைக்கு நான் வெளையாடவே இல்ல. அப்புறம் எப்படி லோ ஆச்சு?"

மறுநாள் போய் நோட்டை வாங்கிப் பார்த்தேன். திங்கள் முதல் சனி வரைக்கும் எதுவும் மாறவில்லை. ராத்திரி ஊசி அதிகமாகியிருந்தால் எல்லா நாளும் விடிகாலையில் இறங்கியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கும் இதே பேனாவில்தான் ஊசி, அங்கேயும் சிக்கல் இல்லை. ஞாயிறு மட்டும், ராத்திரி மட்டும், அதுவும் சாப்பிட்டு இரண்டரை மணி நேரத்துக்குள். இப்படி ஒரே சாப்பாட்டுக்குப் பின்னால் திரும்பத் திரும்ப இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தட்டைத்தான். ராத்திரி ஊசியைக் குறைத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். குறைத்திருந்தால் மற்ற ஆறு நாளும் காலைச் சர்க்கரை ஏறியிருக்கும், ஞாயிறு ராத்திரியும் சரியாகியிருக்காது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்றாவது ஞாயிறு அவனைத் தூக்கிவிட மொத்தம் ஆறு டீஸ்பூன் குளுக்கோஸ், அதாவது சுமார் 30 கிராம் தேவைப்பட்டிருக்கிறது. தட்டில் கிட்டத்தட்ட அவ்வளவு மாவுச்சத்து காணாமல் போயிருக்கிறது என்று தோன்றியது.

சமையலறையில்

அடுத்த ஞாயிறு மத்தியானமே போய் ஆயா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாவைப் பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் வீட்டு அடை மாவு வெளுப்பாக, கொஞ்சம் நைசாக இருக்கும். இது மஞ்சள் தட்டி, ரவை மாதிரி கொரகொரப்பாக இருந்தது. நடுவில் முருங்கைக்கீரை. கரண்டியால் கிளறினால் துருவிய சுரைக்காய்.

"என்னம்மா, அரிசி எவ்வளவு போட்டே?"

"எப்பவும் போடறதுதான்."

"ஆழாக்கைக் காட்டு."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒன்றரை. பருப்பு மூணு. புள்ளைக்கு அரிசி ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? சொன்னா சாப்பிட மாட்டான். டயட்டு அதுன்னு மூஞ்ச திருப்பிக்குவான். உங்கப்பாவுக்கு நான் இப்படித்தானே செஞ்சேன்."

அப்பாவுக்கு டைப் 2 இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான். மருந்தை நம்பி அரிசியைக் குறைக்கச் சம்மதிக்காத மனுஷன். ஆயா யாரிடமும் சொல்லாமல் அவர் தட்டில் சோற்றைக் குறைத்துக் கூட்டையும் மீனையும் கூட்டினாள். அவர் சர்க்கரை நன்றாகவே இறங்கியது, ஒரு நாள்கூட தலைசுற்றல் வரவில்லை. ஆகவே அவள் பேரனுக்குச் செய்ததை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் கையில் ஒரு வெற்றி இருந்தது. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயத்துக்கு இறக்குவது அரிது, அதனால் சோறு குறைந்தாலும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரனுக்கு வேறு கதை. அடை தட்டில் விழுவதற்கு முன்பே, கதவில் ஒட்டிய சீட்டைப் பார்த்து 8 யூனிட் உள்ளே போய்விடுகிறது. அந்த 8 யூனிட்டும் 78 கிராமைத் தேடும். தட்டில் அது இல்லையென்றால் ரத்தத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

இன்சுலின் ஊசியோ, கிளிமிப்பிரைடு போல கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுக்கிற பெரியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அப்பா அந்த மாத்திரையில் இருந்திருந்தால் ஆயா அன்றைக்கே இதைக் கற்றிருப்பாள்.

அவள் ஒரே நாளில் மாற்றவில்லை. அது அவள் கெட்டிக்காரத்தனம், எங்களுக்குக் கண்டுபிடிக்க நாளானதும் அதனால்தான். முதல் வாரம் அரிசி 3, பருப்பு இரண்டரை. இரண்டாவது வாரம் அரிசி 2, பருப்பு 3. மூன்றாவதிலிருந்து அரிசி ஒன்றரை, பருப்பு 3, கூட சுரைக்காய். குறைந்த இடத்தை வெங்காயமும் கீரையும் காயும் நிரப்பிவிட்டதால் அதே கரண்டி, அதே 24 அடை, தோசைக்கல்லில் அதே அகலம். பையன் மட்டும் "ஆயா, அடை ஓரம் உதிருது" என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறான். கல் சரியில்லை என்று இவள் சமாளித்திருக்கிறாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் வாரத்து அடை ஒன்றில் 22 கிராம், இரண்டாவது வாரத்தில் 19, மூன்றாவதில் 17. சுரைக்காயில் மாவுச்சத்து மிகக் குறைவு, விட்டுவிடலாம். மூன்று அடைக்கு 78 என்று நாங்கள் நினைத்தது 67 ஆகி, 57 ஆகி, 50 ஆகியிருக்கிறது. ஊசி மட்டும் 8-லேயே நின்றது. மூன்றாவது வாரம் 3 யூனிட் கூடுதல். காணாமல் போனது 28 கிராம், அண்ணி கலக்கிக் கொடுத்த குளுக்கோஸ் 30. நோட்டில் இருந்த நாலு ஞாயிறும் ஒன்றன்பின் ஒன்றாக இடத்தில் வந்து உட்கார்ந்தன.

இதைக் கேட்டு ஆயா அழுதாள். "நானா புள்ளைய அப்படி வேர்க்க வெச்சேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆமாம் என்பதும் உண்மை, அவள் செய்த மாற்றம் நல்ல மாற்றம் என்பதும் உண்மை. இரண்டையும் சொன்னேன்.

மாற்றத்தை வைத்துக்கொண்டது எப்படி

அண்ணன் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன், அதற்குக் காரணம் இருந்தது. பழைய அடையில் படுக்கும்போது எண் சரியாக இருக்கும், ஆனால் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் பார்த்தால் 230 வரைக்கும் போய்த்தான் இறங்கும். அந்த ஏற்றத்துக்கு அரிசிதான் காரணம். பருப்பு சேரச் சேர, அதுவும் கொரகொரவென்று அரைத்தால், மாவுச்சத்து மெதுவாகக் கரையும்.

இங்கே நிறைய பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பருப்பு என்றால் புரதம், மாவுச்சத்து கணக்கிலேயே வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பருப்பில் பாதி மாவுச்சத்துதான், புரதம் 22 சதவீதம்போலத்தான். அரிசி 600, பருப்பு 300 என்று இருந்ததை அப்படியே திருப்பிப் போட்டு அரிசி 300, பருப்பு 600 என்று அரைத்தாலும் அடைக்கு 26-லிருந்து 22 கிராமுக்குத்தான் இறங்கும். ஆயாவின் அடை 17 வரை வந்ததற்குக் காரணம், மொத்தத் தானியத்தையே 900 கிராமிலிருந்து 675-க்குக் குறைத்து மிச்சத்தைக் காயால் நிரப்பியது. அடை ஒன்றுக்குப் புரதம் பழையதிலும் புதியதிலும் ஏறக்குறைய 5 கிராம்தான். அரிசி போனதால் புரதம் கூடவில்லை, ஆனால் குறையவும் விடாமல் பருப்பு பிடித்துக்கொண்டது. வளர்கிற பிள்ளைக்கு அது முக்கியம். புரதம் கூட வேண்டுமானால் குழம்பில் இன்னொரு துண்டு மீன் போடுவதுதான் வழி என்று சொன்னேன். ஆயாவுக்கு அது மட்டும் உடனே பிடித்தது.

மூன்றாவது வாரத்து அளவு உதிர்கிறது என்பதால் இரண்டாவது வாரத்து அளவை எடுத்துக்கொண்டோம்: அரிசி 2, துவரை ஒன்றரை, கடலை ஒன்றரை, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, வெங்காயம். அடைக்கு 19 கிராம். மூன்றுக்கு 57, ஊசி 6 யூனிட் என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

அதிலும் முதல் தடவை ஒரு சறுக்கல். பையன் வழக்கம்போல கால் மணி நேரம் முன்னாலேயே ஊசி போட்டுக்கொண்டான். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 78, ராத்திரி பன்னிரண்டுக்கு 190. அளவு சரிதான், நேரம்தான் சேரவில்லை. இன்சுலின் முந்திக்கொண்டது, பருப்பு பின்னால் வந்தது. அரிசி அடைக்கு முன்கூட்டியே போடுவது பொருந்தியது, இதற்குப் பொருந்தவில்லை. தட்டு முன்னால் வந்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளட்டும் என்று டாக்டர் மாற்றினார். அடுத்த ஞாயிறு ஒன்றரை மணி நேரத்தில் 134, பன்னிரண்டுக்கு 161, காலையில் 142. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சில வாரத்து எண்களை வைத்து மூன்று மாதச் சராசரி மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன், ஞாயிறு வாரத்தில் ஒரு நாள்தான்.

ஃபுட்பாலையும் சும்மா விடவில்லை. ஒரு ஞாயிறு ஆட விட்டு, எல்லாம் அளந்து, படுக்கும்போதும் மூன்று மணிக்கும் பார்த்தோம். 128, 116. அன்று ராத்திரியே அண்ணன் பூட்ஸைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முறை எளிது. அரைப்பதற்கு முன் அரிசியையும் பருப்பையும் தனித்தனியாக நிறுத்து, மேலே சொன்ன 78-ஐயும் 50-ஐயும் வைத்து மொத்த மாவுச்சத்தை எழுதிக்கொள்ளுங்கள். அரைத்து முடித்து எல்லாம் கலந்த பிறகு மாவை முழுவதும் நிறுங்கள். எங்களுக்கு 2,400 கிராம் வந்தது, மாவுச்சத்து 459. அப்படியென்றால் 100 கிராம் மாவில் 19. ஆயாவின் கரண்டி சரியாக 100 கிராம் பிடிக்கிறது. கரண்டி பெரிதானாலும் சின்னதானாலும் இந்தக் கணக்கு நிற்கும். அடையை எண்ணுவதைவிட மாவை எண்ணுவது பத்திரம், ஏனென்றால் கடைசி அடைக்கு எப்போதும் கரண்டி நிறையாது.

ஆயாவுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது, எண் நன்றாகத் தெரியும். மாவுப் பாத்திர மூடியின் மேல் சாக்பீஸால் 19 என்று எழுதி வைக்கிறாள். கதவில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டோம். பையன் ஊசி பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் மூடியைப் பார்க்கிறான்.

போன ஞாயிறு வீட்டில் பருப்பு போதவில்லை. கடைக்கு ஓட ஆள் இல்லாமல் ஆயா அரிசி மூன்று, பருப்பு இரண்டரை என்று போட்டு அரைத்துவிட்டாள். நான் அன்று அங்கேதான் இருந்தேன். பையன் பேனாவைத் திருகி 6-ல் வைத்துக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து ஆயா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இரு கண்ணு, இரு. போட்டுடாத. மூடிய நான் இன்னும் மாத்தல. இன்னைக்கு இருபத்திரெண்டு."

"மூணு சாப்பிட்டா அறுபத்தாறு ஆயா."

"அப்ப ஏழா?"

"ஏழு கொஞ்சம் ஜாஸ்தி. ஏழு போட்டுட்டு, ஓரத்துல இருக்கிற அந்தச் சின்ன அடையயும் எடுத்துக்கவா?"

ஆயா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அந்தச் சின்ன அடையை அவள் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல இரண்டு தரம் ஏற்றி இறக்கிவிட்டு, அதிலிருந்து ஒரு விள்ளலைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள். படுக்கும்போது 143.